ஓய்வை நெருங்குவோரும் வீட்டுக் கடனும்

வீட்டுக் கடன் கோருபவரின் வயதைக் காட்டிலும் அவரது ஊதியம் நிற்கும் நாளையே வங்கி முதலில் நோக்குகிறது. 52 வயதான ஊழியர் ஒருவர் 9 விழுக்காடு வட்டியில் 20 இலட்சம் ரூபாய் கோருவதாகக் கொள்வோம். இருபது ஆண்டுக் கடனாயின் மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய். அறுபதில் ஓய்வு பெறுபவருக்கோ எட்டே ஆண்டுகள் உள்ளன. தவணை 29,300 ரூபாயாக உயர்கிறது. மாத ஊதியம் 50,000 ரூபாயாகி, அதில் பாதியையே தவணைக்கு வங்கி ஏற்குமானால், அவருக்குக் கிடைப்பது சுமார் 17 இலட்சமே.

ஓய்வூதியம் உறுதியானவர்க்குப் பல வங்கிகள் எழுபது வயது வரை தவணை நீட்டிப்பதுண்டு. எனினும் பிந்திய தவணைகள் குறைந்த அவ்வருவாய்க்கேற்பவே கணிக்கப்படும். சம்பாதிக்கும் மகனோ மகளோ இணைக் கடனாளியாயின் இருவர் வருவாயும் கணக்கில் சேரும். தவணை தவறினால் பொறுப்பும் அவ்வாறே.