இறங்கும்போதும் தொடைக்கு வேலை உண்டு

நம்பிக்கை: மலை ஏறுவதுதான் தொடைக்குப் பாடு. இறங்கும்போது உடம்பு தானாக இறங்கிவிடும்.

உண்மை: வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூச்சிரைக்க ஏறியவர், இறங்கும்போது பேசிக்கொண்டே வருவார். இரண்டாம் நாள் வீட்டு மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றுவார். ஏறிய அலுப்பு என்பார். ஆனால் தொடையின் முன்பக்க வலியில் பெரும்பங்கு இறங்கியதால் வந்தது.

மேல்படியில் கால் வைக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கியிருக்கும். தொடையின் முன்தசை சுருங்கிக் காலை நிமிர்த்த, உடம்பு மேலே போகிறது. பிட்டத் தசையும் கெண்டைக்காலும் கூடவே தள்ளுகின்றன.

இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. மேல்படியில் நிற்கும் கால் ஏறக்குறைய 90 பாகை வரை மடங்கிக்கொண்டே முழு உடம்பையும் தாழ்த்துகிறது. அப்போது முன்தசை இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. மூட்டையைப் பொத்தென்று போடாமல் மெல்ல இறக்கிவைக்கும்போது கையில் நடப்பதும் இதுதான். கீழ்ப்படியைத் தொடும் கால் அநேகமாக நேராக இருக்கும். பாரம் ஏறியதும் அதுவும் மடங்கத் தொடங்கும். மடங்க மடங்க முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துவதும் கூடும்.

அப்படியானால் மூச்சு ஏன் வாங்கவில்லை? 1952இல் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாகச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் அதே விசையால் தடுத்தார். தடுத்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. நீளும் தசை அதே பாரத்தைக் குறைந்த இழைகளைக் கொண்டே தாங்கிவிடும். ஆனால் அந்தச் சில இழைகள் ஒவ்வொன்றின் மேலும் விழும் இழுவை அதிகம். மூச்சுக்குச் சுலபமாக இருப்பதும் தசைக்குக் கடினமாக இருப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

நம்பிக்கை: மறுநாள் வலிக்குக் காரணம் தேங்கிய லாக்டிக் அமிலம்.

உண்மை: அது சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். அதிகமாக இழுபட்ட இழைகளின் நுண்ணிய சேதமும், அதைத் தொடரும் அழற்சியும்தான் அந்த வலி.

நம்பிக்கை: சரிவில் பின்னால் சாய்ந்து இறங்குவதே முழங்காலுக்கு நல்லது.

உண்மை: பின்னால் சாய்ந்தால் உடம்பின் பாரம் முழங்காலுக்குப் பின்னே போகும்; முன்தசை இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டிவரும், பாதமும் எளிதில் வழுக்கும். இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து குட்டை அடியாக வைத்தால் முழங்கால் குறைவாக மடங்கும். மலையடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை ஏற்றத்துக்கு மட்டுமென்று நினைக்க வேண்டாம். இறக்கத்தில் கீழ்ப்படியில் அதை முதலில் ஊன்றினால் பாரத்தில் ஒரு பங்கைக் கை ஏற்கும். பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பே மாடிப்படிகளில் கொஞ்சம் இறங்கிப் பழகினால், அந்த ஒரு முறைகூடத் தொடையைத் தயார்ப்படுத்தும். இரண்டாம் நாள் வலி தெளிவாகக் குறைந்திருக்கும்.