8.33 எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் சிறு அறக்கட்டளையில் மூன்று களப்பணியாளர்கள் இருக்கிறார்கள். நிதி கேட்டு அனுப்பும் பட்ஜெட்டில் ‘பணியாளர் செலவு’ எழுதும்போது பி.எஃப். 12 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம் போடச் சொல்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இரண்டும் கட்டாயமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நூற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.33. அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். முதல் உலகப் போர்க் காலத்தில் விலைவாசி ஏறியபோது பம்பாய் மில்கள் ‘போர் போனஸ்’ கொடுத்தன. அகமதாபாத்தில் 1917-இல் பிளேக் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ‘பிளேக் போனஸ்’ தந்தார்கள். அதை நிறுத்தியதில் எழுந்ததுதான் 1918-இல் காந்தி நடத்திய மில் வேலைநிறுத்தம். பிறகு போனஸ் என்பது லாபத்தில் தொழிலாளிக்கு உள்ள பங்கு என்ற கருத்து வலுப்பட்டது. 1965-இல் வந்த போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்றது. 1970களில் அது 8.33 ஆனது.

லாபத்தில் பங்கு என்றால், லாப நோக்கமே இல்லாத இடத்தில்? அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு அத்தகைய சமூகநல நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு தொடர்கிறது. ஆகவே உங்களுக்குப் போனஸ் கட்டாயமில்லை. விரும்பிக் கொடுத்தால், ‘கருணைத்தொகை’ என்று தனி வரியாகக் காட்டுங்கள்.

பி.எஃப். கதை வேறு. 1952-இல் அது 6.25 சதவீதம், கணக்குப் பார்த்தால் ரூபாய்க்கு ஓர் அணா. பெரும்பாலான நிறுவனங்களுக்கு 1997-இல் 12 ஆனது. இருபது பேருக்குக் குறைந்த இடங்கள் தாமாக முன்வந்து சேரலாம்.

நீங்கள் 12 சதவீதத்துக்கே சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000, வீட்டு வாடகைப்படி 3,000. மூவருக்கும் மாதம் 54,000. பி.எஃப். கணக்குக்கு வாடகைப்படியை விட்டுவிட்டு 45,000-ஐ எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், 5,400. காப்பீட்டுக்கு அரை சதவீதம், 225. நிர்வாகக் கட்டணமும் அரை சதவீதம்தான்; ஆனால் மாதம் குறைந்தது 500 கட்ட வேண்டும். சிறு அமைப்புகள் சறுக்குவது இங்கேதான்: 225 என்று எழுதி, மாதம் 275 ரூபாய் பள்ளம் விழும். ஆக பி.எஃப். செலவு 6,125.

மாத மொத்தம் 60,125, ஆண்டுக்கு 7,21,500. கருணைத்தொகையாக ஆளுக்கு 15,000 சேர்த்தால் 7,66,500.

இன்னொரு பொறி: மாதாமாதம் கட்டும் செலானில் 11,525 என்று இருக்கும். அதை அப்படியே பட்ஜெட்டில் ஏற்றாதீர்கள். அதிலுள்ள 5,400 பணியாளர்கள் பங்கு. அவர்களின் சம்பளத்திலிருந்து பிடித்தது. சம்பள வரியிலேயே அது அடங்கிவிட்டது.