கவர்வழிக் கதையமைப்பும் கிளைப்பெருக்கக் கட்டுப்பாடும்: பெருமாள்முருகனின் மாதொருபாகன் தொடர்ச்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வாசகர் தாமே வழியைத் தேர்ந்து செல்லும் கதைகளில், ஒவ்வொரு தேர்வும் எழுதவேண்டிய பகுதிகளை இரட்டிக்கச் செய்கிறது. இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளுள் தேர்வின் இடமும் பிரிந்த வழிகளின் இணைப்பும் முதன்மையானவை. திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட மாதொருபாகன், ஆலவாயன், அர்த்தநாரி ஆகிய மூன்று புதினங்களின் அமைப்பைக் கொண்டும், மாதிரிக் கதைத்திட்டம் ஒன்றைக் கொண்டும் இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கவர்வழி, கணு, கூடுகணு, நினைவுக்குறி, மீளாத் தேர்வு.

முன்னுரை

‘கிளைக்கதை’ என்னும் சொல் தமிழில் பெருங்கதைக்குள் அடங்கிய சிறுகதையைக் குறித்து வழங்குகிறது. எனவே, வழி பிரியும் கதையை இக்கட்டுரை ‘கவர்வழிக் கதை’ எனக் குறிக்கிறது. வாசகர் ஒரே மூச்சில் படிக்கும் பகுதி ‘கணு’ எனப்படும். பிரிந்த வழிகள் மீண்டும் சேரும் கணு ‘கூடுகணு’ எனப்படும்.

ஒவ்வொரு கணுவின் இறுதியிலும் இரண்டு தேர்வுகள் அமைந்து எவ்வழியும் இணையாதிருப்பின், மூன்று தேர்வுகளில் 8 முடிவுகளும் பத்துத் தேர்வுகளில் 1,024 முடிவுகளும் தோன்றும். பின்னதற்கு எழுதவேண்டிய கணுக்கள் 2,047. ஒரு வாசிப்பில் வாசகர் காண்பவை 11 மட்டுமே. எட்வர்ட் பேக்கார்டு எழுதி 1979இல் வெளிவந்த ‘தி கேவ் ஆஃப் டைம்’ என்னும் சிறுவர் நூல் பெரிதும் இவ்வாறு பிரிந்துசெல்லும் அமைப்பினது. அதில் 40 முடிவுகள் உள்ளன. அதனாலேயே ஒவ்வொரு வழியும் விரைவில் முடிந்துவிடுகிறது.

ஒரே கவர், இரண்டு புதினங்கள்

பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளிவந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா இணையரின் வாழ்வைச் சொல்லும் இப்புதினம், பொன்னா திருவிழாவின் பதினான்காம் நாளுக்குச் சென்றுவிட்டதை அறிந்த காளியின் கொந்தளிப்போடு நிற்கிறது. அவன் என்ன செய்தான் என்பது சொல்லப்படவில்லை. 2014இல் இதற்கு இரண்டு தொடர்ச்சிகள் வெளிவந்தன. ஆலவாயனில் காளி இறந்துவிடுகிறான். பொன்னா கைம்பெண்ணாக வாழ்வை எதிர்கொள்கிறாள். அர்த்தநாரியில் காளி உயிர்பிழைக்கிறான்; அவனுடைய மௌனமே பொன்னாவுக்குத் தண்டனையாகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடர்வன அல்ல. முதல் நூலை முடித்தவர் எதையும் முதலில் எடுக்கலாம். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

இவ்வமைப்பில் உள்ளது ஒரே கவர்தான். எழுதப்பட்டவை மூன்று நூல்கள்; எந்த வழியில் சென்றாலும் படிக்கப்படுபவை இரண்டு. இக்கவர் மாதொருபாகனின் தொடக்கத்திலேயே அமைந்திருந்தால் பொதுவான நூல் ஒன்று இராது. ஒவ்வொரு வழிக்கும் இரண்டு நூலளவு தேவைப்பட்டு நான்கு நூலளவு எழுதவேண்டியிருந்திருக்கும். கவர் பிந்தும் அளவுக்கு எழுதும் சுமை குறைகிறது.

இவ்விரு வழிகளையும் பின்னர் இணைக்க முடியாது என்பதே இங்குக் கருதத்தக்கது. காளி உயிரோடிருக்கும் வீட்டையும் இறந்துவிட்ட வீட்டையும் ஒரே காட்சியில் எழுத இயலாது. இத்தகைய மீளாத் தேர்வுக்குக் கதையின் இறுதிப்பகுதியே உரிய இடம். மீளக்கூடிய தேர்வுகளே முன்னே வரத்தக்கவை. அவற்றைக் கூடுகணுவால் இணைக்கலாம்.

விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளில் இணைப்பின் பழைய வடிவத்தைக் காணலாம். விடை தெரிந்தும் மௌனம் காத்தால் மன்னனின் தலை வெடிக்கும். விடை சொன்னால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பும். ஒரு வழி அங்கேயே முடிய, மற்றது தொடங்கிய இடத்துக்கே வருகிறது. ஆதலால் கேள்விகள் எத்தனை வந்தாலும் வழிகள் பெருகுவதில்லை.

மாதிரித் திட்டம்: முட்டை லாரியின் ஓர் இரவு

நாமக்கல்லிலிருந்து பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவரின் இரவைக் கதையாகக் கொள்வோம். காலம், சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017க்கு முந்தையது. தேர்வுகள் நான்கு.

1. திருச்செங்கோடு, ஈரோடு வழியே செல்வதா? கரூர், பல்லடம் வழியே செல்வதா?
2. கோவையில் காத்துநிற்கும் பழைய நண்பனை ஏற்றிக்கொள்வதா, விடுவதா?
3. வாளையாறு சோதனைச்சாவடியில் சரக்குத்தாளின் எண்ணிக்கைப் பிழையைச் சொல்வதா, மறைப்பதா?
4. பாலக்காட்டில் சரக்கை இறக்கியபின் ஊர் திரும்புவதா, சாவியை ஒப்படைத்து வேலையை விடுவதா?

இணைப்பின்றி எழுதினால் 1, 2, 4, 8, 16 என 31 கணுக்கள் தேவை. கணுவுக்கு 300 சொற்கள் எனில் எழுதுவது 9,300 சொற்கள். வாசகர் படிப்பது ஐந்து கணுக்கள், அதாவது 1,500 சொற்கள். நிலவியலே இங்கு உதவுகிறது. இரண்டு சாலைகளும் கோவையில் கூடுகின்றன, யாரை ஏற்றினாலும் வாளையாற்றைக் கடந்தாகவேண்டும், அதன்பின் பாலக்காடு. இம்மூன்று இடங்களும் கூடுகணுக்களாகின்றன. தொடக்கம் 1, மூன்று கூடுகணுக்கள், நான்கு தேர்வுகளுக்கும் இரண்டிரண்டாக எட்டு என மொத்தம் 12 கணுக்கள் போதும். வாசகர் அவற்றுள் எட்டைப் படிக்கிறார். எழுதுவது 3,600 சொற்கள், படிக்கப்படுவது 2,400.

இணைப்பின் விலை

இணைப்பால் இரண்டு குறைகள் நேரலாம். முதலாவது முரண். கோவையில் நண்பனை விட்டுவந்த வாசகர், வாளையாற்றுக் கணுவில் அவன் பேசக் கண்டால் கதை உடைந்துவிடும். இதைக் கண்டறியக் கூடுகணுவின் ஒவ்வொரு தொடரையும், அங்கு வந்துசேரும் எல்லா வழிகளுக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். எல்லா வழிக்கும் உண்மையாகாத தொடர் கூடுகணுவில் இருத்தலாகாது.

இரண்டாவது, தேர்வு பயனற்றுப்போதல். எதைத் தேர்ந்தாலும் ஒரே இடத்துக்கே வருகிறோம் என வாசகர் உணர்ந்தால் மூன்றாம் தேர்வை அவர் பொருட்படுத்தமாட்டார். இதற்கு மாற்று நினைவுக்குறி. நண்பன் வண்டியில் இருக்கிறானா, வாளையாற்றில் பொய் சொல்லப்பட்டதா என்பவற்றைக் கதை நினைவில் கொண்டு, பாலக்காட்டில் அவற்றின் விளைவைக் காட்டவேண்டும். ஆயின் இக்குறிகளும் பெருகும் இயல்பினவே. இரண்டு குறிகள் நான்கு நிலைகளைத் தரும். சாலைத் தேர்வையும் சேர்த்தால் எட்டு நிலைகள். சாலைத் தேர்வு பின்னர் எங்கும் பயன்படவில்லையெனில் அதை மறந்துவிடுவதே முறை. பின்னே விளைவு தரும் குறியை மட்டுமே சுமக்கவேண்டும்.

கணினியில் குறியைப் பொறி நினைவில் கொள்ளும். அச்சுநூலில் அவ்வசதி இல்லை. எனவே, பாலக்காட்டுக் கணுவில் ‘நண்பன் உடனிருந்தால் 13ஆம் பகுதிக்குச் செல்க’ என வாசகரின் நினைவையே நம்பவேண்டும். அதற்கெனக் கூடுதல் கணுவும் எழுதவேண்டும். அச்சில் இரண்டு குறிகளுக்கு மேல் சுமத்தினால் வாசகர் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குவார்.

முடிவுரை

கிளைப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாலன்று, அவற்றின் தன்மையறிந்து இடம் வகுப்பதாலேயே இயலும். மீளக்கூடிய தேர்வுகளை முன்னே வைத்துக் கூடுகணுவில் இணைத்தலும், பயன்படும் குறிகளை மட்டும் சுமத்தலும், மீளாத் தேர்வை இறுதிக்கு ஒதுக்கலும் மாதிரித் திட்டத்தால் தெளிவாகின்றன. மாதொருபாகனின் தொடர்ச்சிகள் இவற்றுள் இறுதி நெறியின் முழு வடிவம். இணைக்கவொண்ணாத ஒரு கவரை எதிர்கொண்டபோது, இரண்டு வழிகளையும் சுருக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதினத்தின் இடத்தை அவை அளித்துள்ளன. காளியின் சாவும் வாழ்வும் பொன்னாவுக்கு ஒரே துயரின் இரண்டு அளவுகள் அல்ல, வெவ்வேறு வாழ்க்கைகள் என்பதை அவ்விடமே புலப்படுத்துகிறது.