முதுமையில் அடங்கிப்போகும் தாகம்

தாகம் வாயில் பிறப்பதில்லை, மூளையில் பிறக்கிறது. இரத்தத்தில் உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில உணர்கலங்கள் அதைக் கண்டுகொள்ளும். உடனே இரண்டு கட்டளைகள் பிறக்கும்: சிறுநீரகத்துக்கு நீரைச் சேமிக்கச் சொல்லி ஒன்று, மனிதனுக்குத் தண்ணீர் தேடச் சொல்லி மற்றொன்று. அறுபது, எழுபது வயதுக்குமேல் இந்த இரண்டாவது கட்டளை மங்கிப்போகிறது. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோய் எதுவும் இல்லாத இளைஞர்களும், 67 முதல் 75 வயது வரையான ஆரோக்கியமான ஆண்களும் 24 மணிநேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். முதியவர்களின் இரத்தம் இளைஞர்களுடையதைவிடக் கூடுதலாகச் செறிந்திருந்தும், அவர்களுக்குத் தாகமோ வாய் வறட்சியோ பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீரை முன்னால் வைத்தபோதும் இளைஞர்கள் குடித்து இழந்ததை ஈடுசெய்தார்கள், முதியவர்கள் கொஞ்சம் குடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே "தாகம் எடுத்தால் குடிப்பாங்க தானே" என்ற நம்பிக்கை முதியவர் விடயத்தில் பொருந்தாது. தாகம் இல்லை என்று அவர்கள் சொல்வது பொய்யுமல்ல, பிடிவாதமுமல்ல.

முதல் கட்டளையும் முழுமையாக நிறைவேறுவதில்லை. ஒரு நாளில் உடல் வெளியேற்ற வேண்டிய கழிவை இளைஞனின் சிறுநீரகம் தேவைப்பட்டால் அரை லிட்டர் சிறுநீரில் அடக்கிவிடும். வயதான சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவாக்க முடியாது, அதே கழிவுக்கு அதைவிடக் கூடுதலான சிறுநீர் வேண்டும். அதாவது குறைவாகக் குடிப்பவரின் உடலே கூடுதலாக இழக்கிறது. நீரைப் பெருமளவில் தேக்கி வைத்திருப்பது தசை. தசை மெலிய, இருப்பும் சுருங்குகிறது.

இவை உடல் செய்வது. மனிதர் தாமே செய்வதும் உண்டு, அனுபவத்தில் அதுதான் பெரிய பங்கு. இரவில் மூன்று தரம் எழும்ப வேண்டும் என்பதால் மாலைக்குப் பிறகு குடிப்பதில்லை. கிளினிக் நாளில் வரிசையில் இடம் போய்விடும், மலசலகூடம் தூரம் என்று காலையிலிருந்தே குடிப்பதில்லை. முழங்கால் வலிப்பவர், மகளைக் கூப்பிட்டு எழுப்பச் சொல்லக் கூச்சப்படுபவர், சிரித்தாலோ இருமினாலோ சிறுநீர் கசிபவர் என எல்லாரும் தண்ணீரைத்தான் முதலில் குறைக்கிறார்கள். இதற்கெல்லாம் "தாகம் இல்லை" என்ற ஒரே பதில்தான் வெளியே வரும்.

தெமட்டகொடையின் மாடிவீடுகளில் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டாகத் தொகுத்துப் பார்க்கலாம். மூன்றாம் மாடியில் மகளோடு இருக்கும் 78 வயதுப் பெண். பிரஷருக்கு இரண்டு குளிசைகள், அதில் ஒன்று சிறுநீரைக் கூட்டுவது. சீனி வருத்தமும் உண்டு. சாதாரண நாளில் அவர் குடிப்பதை அளந்தால் இப்படி வரும்: மூன்று பிளேன் டீ, ஒவ்வொன்றும் 150 மில்லிலிட்டர். குளிசையோடு மூன்று தரம் இரண்டிரண்டு மிடறு, மொத்தம் 120. பகல் சோற்றுக்குப் பின் பாதியில் வைத்த கிளாஸில் 80. கூட்டினால் 650 மில்லிலிட்டர். ஐரோப்பிய மருத்துவப் போஷாக்குச் சங்கத்தின் வழிகாட்டல் முதிய பெண்களுக்குப் பானமாக மட்டும் 1.6 லிட்டரும், ஆண்களுக்கு 2 லிட்டரும் சொல்கிறது. அதில் பாதிகூட இங்கே இல்லை. ஆனாலும் சோறு, சொதி, கறி, பழம் ஆகியவற்றிலிருந்து இன்னும் சில நூறு மில்லிலிட்டர் சேருவதால் நாட்கள் ஓடிவிடும்.

பிறகு மார்ச் மாத வெக்கை வருகிறது, அதோடு நோன்பும். ஸஹர் முடிந்து மஃரிப் வரை பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் ஒன்றும் உள்ளே போவதில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். சிறுநீர்க் குளிசை மட்டும் ஸஹரில் தவறாமல் போகிறது. ஐந்தாம் நாள் பின்னேரம் அவர் மகளிடம் கேட்கிறார்: "வாப்பா இன்னம் ஷெட்டுல இருந்து வரல்லையா?" ரயில்வேயில் வேலை செய்த அந்த வாப்பா மவுத்தாகிப் பத்து வருடம். இரவில் சரியாகப் பேசுகிறார், மறுநாள் அஸருக்குப் பிறகு மறுபடி குழம்புகிறார், பாதி நேரம் தூங்கி வழிகிறார். "உம்மாக்கு அறளை பேந்திட்டு" என்று அக்கம்பக்கத்தில் முடிவாகிவிடுகிறது. ஏழாம் நாள் ஸஹருக்கு எழும்பி மலசலகூடத்துக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டு முறிகிறது.

குழப்பமும் விழுகையும் இரண்டு வெவ்வேறு துன்பங்கள் போலத் தெரியும். வேர் ஒன்றுதான். இரத்தத்தில் உப்புச் செறிவு கூடும்போது மூளைக் கலங்களிலிருந்து நீர் வெளியே இழுபடுகிறது. இரத்தத்தின் அளவு குறைவதால் மூளைக்குப் போகும் ஓட்டமும் தளர்கிறது. சிறுநீரகம் மந்தமாக, வழக்கமான அளவில் எடுத்த குளிசைகளில் சில உடலில் தேங்கி, அளவு மீறியதுபோல் வேலை செய்கின்றன. சிறுநீர் குறைந்த இடத்தில் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். முதிய மூளையில் இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் கையிருப்பு குறைவு. இளைஞனுக்குத் தலையிடியாக முடிவது இங்கே சித்தம் கலங்குவதாக வருகிறது.

விழுவது எழும்பும் நொடியில். படுத்திருந்தவர் நிமிர்ந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். வழக்கமாக இரத்தக் குழாய்கள் உடனே இறுகி, இதயம் விரைந்து அதைச் சரிக்கட்டிவிடும். வயதில் இந்தச் சரிக்கட்டல் பிந்துகிறது, பிரஷர் குளிசை அதை இன்னும் பிந்தச் செய்கிறது, இரத்தமும் குறைந்திருந்தால் சில நொடிகளுக்கு மூளைக்கு எட்டுவதே குறைந்துவிடும். கண் இருட்டுகிறது, கால் தளர்கிறது. விடியற்காலையில் கட்டிலைவிட்டு எழும்பும்போதும், வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்பும்போதும் இது கூடுதலாக நடக்கும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது விழவைக்கும் இறக்கம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டிய சோதனை இது. உட்கார்ந்தபடி மட்டும் அளந்து "பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் இந்த இறக்கம் அகப்படாது.

மற்ற வீட்டுச் சோதனைகளில் நம்பிக்கை வைக்க வேண்டியதில்லை. கையின் தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது, சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது எல்லாம் இளையவர்களில் உதவும். முதியவர்களில் இவை தனித்தனியே நம்பத் தகுந்தவை அல்ல என்று 2015இல் வந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. வயதான தோல் தண்ணீர் இருந்தாலும் தளர்ந்தே கிடக்கும், வாயால் மூச்சு விடுபவரின் நாக்கு எப்போதும் உலர்ந்திருக்கும். உறுதியாகச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான். வீட்டில் நம்பக்கூடியது கிளாஸ் கணக்கும், குழப்பம் தொடங்கிய விதமும். மறதி நோய் மாதங்களாக, வருடங்களாக ஊர்ந்து வரும். சில மணிநேரங்களில் அல்லது சில நாட்களில் தொடங்கி, கூடியும் குறைந்தும் போவது மறதி நோயல்ல. உடலில் எங்கோ ஒரு கோளாறு புதிதாக வந்திருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் தூங்கி வழிபவரைத்தான் குடும்பங்கள் தவறவிடுகின்றன. கத்துபவரை யாரும் தவறவிடுவதில்லை.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. எல்லாக் குழப்பமும் தண்ணீர்க் குறைவல்ல. அதே சிறுநீர்க் குளிசை சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். அப்போதும் குழப்பம் வரும், விழுவார்கள், ஆனால் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே புதிதாகக் குழம்பியவருக்கு சோடியம், கிரியாட்டினின், சீனி ஆகிய மூன்றையும் பார்க்காமல் வீட்டு வைத்தியம் தொடங்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 1990க்கு அழைக்க வேண்டும். பக்கத்து டிஸ்பென்சரியில் "ஒரு சேலைன் ஏத்தினா சரி" என்பதும் ஆபத்தான பழக்கம். தளர்ந்த இதயம் உள்ளவருக்கு விரைவாக ஏற்றிய சேலைன் நுரையீரலில் போய்த் தேங்கும். வைத்தியசாலையிலும் ஏறிய சோடியத்தை ஒரே நாளில் இறக்கமாட்டார்கள், மெதுவாகத்தான் இறக்குவார்கள். இரத்தக் கணக்கு சரியானபிறகும் சித்தம் தெளியச் சில நாள், சிலருக்குச் சில வாரம் எடுக்கும்.

தடுப்பதில் பயன் தருவது தாகத்தை எதிர்பாராமல் நேரத்தை வைத்துக் குடிப்பது. தொழும் வீட்டில் நேரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நோன்பில்லாத நாளில் ஐந்து வக்துக்கும் தொழுகை முடிந்தவுடன் ஒரு கிளாஸ் என்றால், 200 மில்லிலிட்டர் கிளாஸில் ஒரு லிட்டர் ஆகிவிடும். மூன்று பிளேன் டீயும் சேர்ந்தால் 1,450. குளிசையை மிடறு தண்ணீரோடு விழுங்காமல் அரைக் கிளாஸோடு விழுங்கினால் 1.6 லிட்டரைத் தாண்டும். தேநீர் தண்ணீரை வெளியேற்றிவிடும், கணக்கில் சேராது என்பது தவறு. வழக்கமாகக் குடிப்பவருக்கு அதுவும் நீர்தான். பெரும்பகுதியைப் பின்னேரம் ஐந்து மணிக்குள் முடித்து, இஷாவுக்குப் பிறகு கிளாஸைப் பாதியாக்கினால் இரவில் எழும்புவது குறையும், அந்தப் பயமும் குறையும்.

கேட்கும் விதமும் கணக்கில் வரும். "உம்மா, தண்ணி வேணுமா?" என்றால் "வேணாம் மகள்" என்றுதான் பதில். கேட்காமல் கையில் கொடுத்து, கூட இருந்து தானும் குடித்தால் கிளாஸ் காலியாகும். கை நடுங்குபவருக்கு நிறைந்த கண்ணாடிக் கிளாஸைவிடப் பிடியுள்ள இலேசான கோப்பை நல்லது. வெறும் தண்ணீர் பிடிக்காதவருக்கு இலைக்கஞ்சி, சொதி, தர்ப்பூசணி எல்லாம் உதவும். தம்பிலியில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவரும், லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற குளிசை எடுப்பவரும் அதைத் தினமும் குடிப்பதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். ஜீவனி வயிற்றோட்டத்துக்கானது, பக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அன்றாடப் பானம் அல்ல. இதயம் தளர்ந்து கால் வீங்கியவருக்கும் டயலிசிஸ் செய்பவருக்கும் இந்த 1.6 லிட்டர்க் கணக்கே பொருந்தாது. அவர்களுக்குக் கிளினிக்கில் சொன்ன அளவுதான்.

நோன்பு பிடிக்க விரும்பும் முதியவர் மாதம் தொடங்குமுன்னரே கிளினிக்கில் பேசி, சிறுநீர்க் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு தாங்காத முதியவருக்கு மார்க்கம் ஃபித்யா என்ற வழியை வைத்திருக்கிறது, ஆனால் அதை ஏற்கவைப்பது குளிசை மாற்றுவதைவிடக் கடினம். பிள்ளைகள் சொல்வதைவிடப் பள்ளிவாசல் மவ்லவி சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் வந்த நாட்களில் சிறுநீர்க் குளிசையும் சில பிரஷர், சீனிக் குளிசைகளும் தற்காலிகமாக நிறுத்தப்பட வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை நல்ல நாளிலேயே கேட்டுக் கிளினிக் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொள்வது சிறந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தப் புத்தகமும், வீட்டிலுள்ள குளிசைகள் எல்லாம் போட்ட பையும் கூடப் போக வேண்டும். கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார், அதன்பிறகு ஏறத்தாழ எத்தனை கிளாஸ் குடித்தார் என்பதை அவரோடு இருந்தவரே போய்ச் சொல்ல வேண்டும்.