200 நாள் சராசரியும் சித்தப்பாவின் 35 ஆயிரமும்

2020 மார்ச் 16. நிஃப்டி 9,197-ல் முடிந்த நாள். அரிமளத்தில் இருக்கும் என் சித்தப்பா அன்றைக்கு 2 லட்சம் ரூபாய்க்கு நிஃப்டி ஈ.டி.எஃப் வாங்கினார். காரணம் கேட்டப்போ, "200 நாள் சராசரியை விட 20 சதவீதம் கீழ போயிருச்சுடா. ரப்பர் மாதிரி திரும்பித்தான் ஆகணும்"னார். ஒரே வாரத்தில், மார்ச் 23 அன்று, நிஃப்டி 7,610-ல் முடிந்தது. பயந்துபோய் அன்றைக்கே விற்றுவிட்டார். சுமார் 35 ஆயிரம் போச்சு.

அவர் போட்ட கணக்கு சரிதான். அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட அர்த்தம்தான் தப்பு. எப்படின்னு பார்ப்போம்.

முதலில் கணக்கு. கடைசி 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் சராசரி கிடைக்கும். இன்றைய விலை அதிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளி இருக்கு என்பதுதான் தூரம். பைத்தானில் இரண்டே வரி:

```python
df["sma"] = df["Close"].rolling(200).mean()
df["dist"] = (df["Close"] / df["sma"] - 1) * 100
```

முதல் 199 வரிசைகளில் `NaN` வரும், அது பிழை இல்லை. ஆனால் தனிப் பங்குக்குப் போடும்போது திடீரென்று ஒரே நாளில் -50 வந்தால், அது போனஸோ பங்குப் பிரிப்போ சரிக்கட்டாத விலையாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

சிக்னல் ப்ராசஸிங் படித்தவர்களுக்கு இது பழகிய ஆள்தான். எல்லா எடையும் சமமாக உள்ள 200 புள்ளி ஃபில்டர். அதன் தாமதம் (200-1)/2, அதாவது 99.5 நாள். சராசரி சொல்வது ஏறக்குறைய 100 நாளுக்கு முந்தைய சந்தையை. அதனால் வருஷத்துக்கு 12 சதவீதம் சீராக ஏறும் சந்தையில் விலை எப்போதுமே சராசரிக்கு மேல் 5 சதவீதம் அளவில் நிற்கும். அதை "ரொம்ப இழுத்துருச்சு"ன்னு சொல்ல முடியாது, அதுதான் அதன் இயல்பு நிலை. இழுவையை பூஜ்யத்திலிருந்து அளக்காமல், இந்த இயல்பிலிருந்து அளக்கணும்.

இப்போ சித்தப்பா கதைக்கு வருவோம். ரப்பர் என்று நினைத்ததில் இரண்டு ஓட்டை. ஒன்று, ரப்பர் எவ்வளவு நீளும்னு யாருக்கும் தெரியாது. மார்ச் 16-ல் -20 சதவீதத்தைத் தாண்டியிருந்த தூரம், 23-ல் -34 சதவீதத்தை ஒட்டிப் போனது. இரண்டு, தூரம் குறைய விலைதான் திரும்பணும்னு இல்லை, சராசரியே விலையை எட்டிப் பிடிக்கலாம். 2021 பிப்ரவரி 15-ல் நிஃப்டி 15,314. சராசரிக்கு மேல் சுமார் 30 சதவீதம். ஏப்ரல் 30-ல் நிஃப்டி 14,631, தூரம் 13 சதவீதத்தை ஒட்டி. விலை இறங்கியது 5 சதவீதம்கூட இல்லை. மீதியைச் சராசரி ஏறி ஈடுகட்டியது.

அதே கோட்டை நீண்டகாலப் போக்கைக் காட்டும் வடிகட்டியாகப் பயன்படுத்தியிருந்தால்? விதி எளிது: மாசக் கடைசி நாளில் மட்டும் பார், விலை கோட்டுக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. 2020 பிப்ரவரி 28-ல் நிஃப்டி 11,201. கடைசி 10 மாத முடிவு விலைகளின் சராசரி (200 நாளுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு) 11,659. தூரம் -3.9 சதவீதம். வெளியே. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் நான்கு மாசக் கடைசியிலும் விலை கோட்டுக்குக் கீழேதான். ஜூலை 31-ல் நிஃப்டி 11,073, சராசரி 10,868. தூரம் +1.9. உள்ளே.

கவனிச்சீங்களா? 11,201-ல் வெளியேறி 11,073-ல் திரும்பி வந்தோம். மிச்சம் 1 சதவீதம்தான். தரகும் வரியும் அதையும் தின்னும். அப்போ இந்த வடிகட்டியால் என்ன லாபம்? நடுவில் இருந்த 7,610 என்ற பள்ளத்தைக் கையில் பங்கோடு கடக்க வேண்டியதில்லை. பள்ளத்தில் பயந்து விற்கும் ஆளுக்கு அதுதான் பெரிய காசு. பயப்படாமல் அப்படியே வைத்திருந்தவருக்கு வடிகட்டி பெரிதாக எதுவும் தரவில்லை. சந்தை பக்கவாட்டில் நகரும்போது அது செலவுதான்: விலை கோட்டை மாறி மாறிக் கடக்கும், விற்ற விலைக்கு மேலேயே திரும்ப வாங்க வேண்டிவரும். தினமும் பார்த்தால் இது இன்னும் மோசம், அதனால்தான் மாசக் கடைசி.

ஆக, தூரத்தின் குறி (+ அல்லது -) எந்தப் பக்கம் நிற்கணும்னு சொல்லும். தூரத்தின் அளவு, இங்கே ஆட்டம் எவ்வளவு பெரிசா இருக்கும்னு சொல்லும். திரும்பும் தேதியை இரண்டுமே சொல்லாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பாவிடம் இந்த மாசக் கடைசிக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப பிப்ரவரியிலேயே ஒதுங்கியிருக்கணும்ங்கிற"ன்னார். "இல்ல சித்தப்பா, வாங்குறதுக்கு முன்னாடி எப்ப விப்போம்னு எழுதி வச்சிருக்கணும்"னேன்.