பெரியவர்களுக்குக் கடிதம்: மரியாதையின் அளவு

உறவினரிடம் பெற்ற பணத்தைக் குறித்த காலத்தில் திருப்பித் தர இயலாதபோது, அதை எப்படித் தெரிவிப்பது? தொலைபேசியில் பேசத் தயக்கம். குறுஞ்செய்தி அனுப்பினால் அலட்சியமாகத் தோன்றுமோ என்ற அச்சம். இத்தகைய வேளையில்தான் பலரும் கடிதம் எழுத அமர்கிறார்கள். தமிழகத்துக்கு வெளியே நெடுங்காலம் வாழ்ந்து, அலுவலகக் கடிதங்களை மட்டுமே எழுதிப் பழகியவர்களுக்குத் தமிழில் மரியாதையின் அளவு பிடிபடுவதில்லை. ஒன்று, கடிதம் வங்கி அறிவிப்பைப் போல் குளிர்ந்துவிடுகிறது. அல்லது அரசவை விண்ணப்பத்தைப் போல் குழைந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

நாகபுரியில் பணிபுரியும் ஒருவர், வீடு வாங்கியபோது கும்பகோணத்திலுள்ள பெரியப்பாவிடம் ரூ.1,50,000 பெற்றார் எனக் கொள்வோம். அதில் ரூ.60,000 திருப்பித் தந்துவிட்டார். மீதி ரூ.90,000ஐ மார்ச் இறுதிக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார், முடியவில்லை. இனித் தவணையாக அனுப்ப விரும்புகிறார். அதற்குப் பெரியப்பாவின் கணக்குப் புத்தக நகலும் தேவைப்படுகிறது. அவருக்கு வயது எழுபத்து நான்கு.

குளிர்ந்த கடிதம்

அவர் முதலில் எழுதியது இவ்வாறு இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, வணக்கம். தங்களிடம் பெற்ற தொகையில் ரூ.90,000 நிலுவையில் உள்ளது. தவிர்க்க இயலாத காரணங்களால் உரிய காலத்தில் செலுத்த இயலவில்லை. ஜூன் முதல் மாதந்தோறும் ரூ.15,000 செலுத்தப்படும். தங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலை அனுப்பவும்.”

இதில் மரியாதைச் சொற்களுக்குக் குறைவில்லை. ‘மதிப்பிற்குரிய’ இருக்கிறது, ‘அவர்கள்’ இருக்கிறது, ‘தங்கள்’ என்பதும் இருக்கிறது. ஆயினும் படிக்கும் பெரியவரின் மனம் சுருங்கும். காரணம் வினைச்சொற்களில் உள்ளது. உள்ளது, இயலவில்லை, செலுத்தப்படும், அனுப்பவும் ஆகிய நான்கில் ஒன்றிலேனும் ‘நான்’ இல்லை, ‘நீங்கள்’ இல்லை. கடன் தானாக நிலுவையில் உள்ளது. பணம் யாராலோ செலுத்தப்படும். எழுதியவர் எங்கும் தென்படவில்லை.

‘அனுப்பவும்’, ‘கையொப்பமிடவும்’ என முடியும் ஏவல், யாரையும் குறிப்பிட்டு நோக்காதது. நம் வங்கியின் படிவங்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அது பொருத்தமே. அங்கே வாசிப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. பெரியப்பாவை நமக்குத் தெரியும். தெரிந்தவரை அறிவிப்புப் பலகையின் குரலில் அழைப்பதே அக்கடிதத்தின் குளிர்ச்சி.

உறவுச்சொல்லுடன் ‘அவர்கள்’ சேர்ப்பதும் இதே விளைவைத் தருகிறது. ‘பெரியப்பா’ என்னும் சொல்லிலேயே வயதும் உறவும் மதிப்பும் அடங்கியுள்ளன. ‘பெரியப்பா அவர்கள்’ என்பது அழைப்பிதழுக்கு உரியது. உறையின் மேல் முகவரியில் ‘திரு’ எழுதலாம். உள்ளே உறவுப்பெயரே போதும்.

குழைந்த கடிதம்

குளிர்ச்சியை உணர்ந்தவர், மறுமுறை எதிர்த்திசையில் வெகுதூரம் சென்றுவிடுகிறார்:

“தெய்வத்துக்கு நிகரான பெரியப்பா அவர்களின் பொற்பாதங்களில் சிரம் தாழ்த்தி எளியேன் எழுதிக்கொள்வது. தாங்கள் பெருங்கருணையுடன் கொடுத்தருளிய தொகையைத் திருப்பித் தர இயலாத பாவியாகிவிட்டேன். என்னை மன்னித்தருள வேண்டும். தங்கள் திருவுள்ளப்படி நடக்கக் காத்திருக்கிறேன்.”

இதில் மிகைச்சொற்களை விடப் பெரிய குறை வேறொன்று உண்டு. தொகை எவ்வளவு, எப்போது வரும் என்பவை மறைந்துவிட்டன. கடன்பட்டவர் தாம் செய்ய வேண்டிய முடிவைப் ‘திருவுள்ளப்படி’ என்று பெரியவர் தலையில் ஏற்றிவிட்டார். இனிப் பெரியப்பாதான் ஆறுதல் சொல்ல வேண்டும். தவணையையும் அவரே வகுக்க வேண்டும். மிகையான பணிவு பெரியவரின் சுமையைக் கூட்டுகிறது. தவணை தள்ளிப்போகவே இவ்வளவு புகழ்ச்சி என்ற ஐயமும் அவருக்கு எழக்கூடும்.

எனினும், ஒரு வீட்டில் மிகையெனத் தோன்றுவது மற்றொரு வீட்டில் இயல்பாக இருக்கலாம். வைணவக் குடும்பங்கள் பலவற்றில் ‘அடியேன்’ என்பது அன்றாடச் சொல். அங்கே அது குழைவாகாது. பழைய கடிதங்களில் மகா ராஜ ராஜ ஸ்ரீ என்பதைச் சுருக்கி ம.ரா.ரா.ஸ்ரீ என்று பெயருக்கு முன் எழுதினார்கள். அந்நாளில் அது வெறும் வழக்கம். இன்று புதிதாக எழுதினால் வேடிக்கையாகிவிடும். ஆகவே, அந்தப் பெரியவர் முன் நாம் வாயால் சொல்லாத எதையும் கடிதத்தில் மட்டும் எழுதாமல் இருப்பதே நல்ல அளவுகோல்.

நீங்களா, தாங்களா?

தமிழில் மரியாதை வினையின் ஈற்றிலேயே நிற்கிறது. ‘கொடுத்தாய்’ என்பதற்கும் ‘கொடுத்தீர்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடே போதுமானது. ‘நீங்கள்’ எழுதினாலும் ‘தாங்கள்’ எழுதினாலும் வினை ‘கொடுத்தீர்கள்’ என்றே முடியும். வேறுபடுவது நெருக்கம் மட்டுமே. ‘தாங்கள்’ ஓரடி தள்ளி நின்று வணங்குவது. நேரில் ‘நீங்கள்’ என்று அழைக்கும் பெரியப்பாவுக்குத் திடீரென ‘தாங்கள்’ என்று எழுதினால், ஏதோ வருத்தம் போலும் என அவர் எண்ணக்கூடும். மாறாக, குடும்பத்தில் கடிதமென்றாலே ‘தாங்கள்’ என்று எழுதி வருபவர்கள் அதை மாற்ற வேண்டியதில்லை. உறவல்லாத முதியவருக்கோ பழைய ஆசிரியருக்கோ எழுதும்போது உறவுச்சொல்லின் துணை இல்லாததால் ‘ஐயா’, ‘தாங்கள்’ என்பவை நன்கு பொருந்தும். ‘ஐயா’ தொடக்கத்தில் ஒருமுறை வந்தால் மதிப்பு. வரிக்கு வரி வந்தால் கெஞ்சல்.

எதைத் தேர்ந்தாலும் இறுதிவரை அதையே பின்பற்ற வேண்டும். “தாங்கள் சொன்னபடி உங்கள் கணக்கில் செலுத்தினேன்” என்பது ஒரே வரியில் படியேறி இறங்குகிறது. ‘தங்கள்’ என்பதில் பொருள் மயக்கமும் உண்டு. அச்சொல் படர்க்கையில் ‘தம்முடைய’ என்றும் பொருள்படும். “சித்தப்பா அவர்கள் தங்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள்” என்று எழுதினால், விற்றது அவருடைய நிலமா, கடிதம் பெறுபவரின் நிலமா? ‘உங்கள்’ என்றாலோ ‘தமது’ என்றாலோ ஐயம் தீரும். சொத்து, பணம் பற்றிய கடிதங்களில் இது சிறு பிழை அன்று.

எதைக் கேட்கிறோம்?

கேட்கும் வினைகளைத் தமிழர் நெடுங்காலமாகவே எடைபோட்டு வந்துள்ளனர். தாழ்ந்தோன் ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பதாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இன்று அந்த வேறுபாடு வினையின் ஈற்றுக்கு இடம் மாறிவிட்டது. ‘கொடுங்கள்’ என்பதில் ‘உங்கள்’ ஈறே மதிப்பைத் தருகிறது. அதைக் கட்டளையென அஞ்சித் தவிர்ப்பவர்கள் உண்டு. அச்சம் எல்லா இடத்திலும் தேவையில்லை. செயலின் பயன் யாருக்கு என்று பார்த்தால் போதும்.

பயன் பெரியவருக்கே ஆனால் நேரடி ஏவலே அன்பு: “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.” இதைப் “பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்” என்றால் அன்பு உலர்ந்துவிடும். பயன் நமக்கானால், மறுக்கவும் அவருக்கு இடம்விட்டுக் கேட்க வேண்டும்: “நகலை அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்.” ‘அனுப்ப வேண்டும்’ என்பது கடமையாக ஒலிக்கும், ‘அனுப்பி அருள வேண்டும்’ என்பது விண்ணப்பமாகிவிடும்.

திருத்திய கடிதம்

“அன்புள்ள பெரியப்பாவுக்கு, வணக்கம்.

இங்கு அனைவரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

வீடு வாங்கியபோது நீங்கள் கொடுத்த ரூ.1,50,000இல் ரூ.60,000 திருப்பித் தந்திருக்கிறேன். மீதி ரூ.90,000ஐ மார்ச் இறுதிக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணம் குறுக்கிட்டதால் சொன்னபடி தர முடியவில்லை, வருந்துகிறேன். ஜூன் 5ஆம் தேதி முதல் மாதம் ரூ.15,000 வீதம் அனுப்பி, நவம்பரில் முழுவதையும் தீர்த்துவிடுவேன். இதற்கு முன்பே உங்களுக்குப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வேறு ஏற்பாடு செய்கிறேன்.

உங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலை அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,”

இதில் ‘நான்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தந்திருக்கிறேன், சொல்லியிருந்தேன், வருந்துகிறேன், தீர்த்துவிடுவேன் என வினைதோறும் எழுதியவர் நிற்கிறார். வருத்தம் ஒருமுறை மட்டும் சொல்லப்பட்டது. உடனே வழியும் சொல்லப்பட்டது. ‘தயங்காமல் சொல்லுங்கள்’ என்பது பெரியவரின் நன்மைக்கானது. ஆகவே நேரடி ஏவல். நகல் தமக்கு வேண்டியது. ஆகவே ‘வைத்தால்’ என்னும் நிபந்தனை வடிவம். தம்பியின் மகனும் பெரியப்பாவுக்கு மகன் முறையே என்பதால், ‘கீழ்ப்படிதலுள்ள’ என்னும் அலுவலக வழக்கைவிட ‘உங்கள் அன்பு மகன்’ என்னும் இறுதி வரி அதிக மரியாதை உடையது.

தொகையையும் தேதியையும் தெளிவாக எழுதுவதில் வேறொரு நன்மையும் உண்டு. கடனை வசூலிக்க வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். அது முடியும் முன் கடன்பட்டவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி அந்நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். பெரியப்பா வழக்குத் தொடரப் போவதில்லை. ஆயினும் அவருடைய உரிமையைக் காக்கும் எழுத்தை அவர் கேட்காமலே தருவது, பொற்பாதங்களை வணங்குவதைவிட மேலான மதிப்பு.

கடிதத்தை உறையிலிடும் முன் வினைமுற்றுகளின் கீழ் மட்டும் கோடிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை ‘உள்ளது’, ‘படும்’, ‘வும்’ என முடிந்தால் கடிதம் குளிர்ந்திருக்கிறது. ‘அருள’, ‘அருளிய’ என்பவை ஒட்டியிருந்தால் குழைந்திருக்கிறது. ‘ஏன்’, ‘ஈர்கள்’, ‘உங்கள்’ ஆகிய ஈறுகள் மாறிமாறி வந்தால், அதில் இருவர் பேசிக்கொள்கிறார்கள்; அதைத் தயங்காமல் அஞ்சலில் சேர்க்கலாம்.