பல்ப் கண்ணில் குத்தாத ஷேட்

மூடுபனி இறங்கினால் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து லயங்களில் பின்னேரமே படிப்பு மேசைக்கு விளக்கு வேண்டும். ஷேட் வாங்குமுன் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, தரையிலிருந்து கண்வரை அளந்துகொள்ளுங்கள். அது 110 செ.மீ., மேசை 75 செ.மீ. என்றால், ஷேட்டின் கீழ்விளிம்பு மேசைக்கு மேலே 35 செ.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். அதற்கு மேல் போனால் பல்ப் கண்ணில் குத்தும். மிகவும் தாழ்ந்தால் கொப்பியில் வெளிச்சம் சுருங்கிவிடும். கீழே அகன்ற கூம்பு வடிவமே படிப்புக்கு நல்லது. தரையில் நிற்கும் விளக்கென்றால், பக்கத்தில் நடப்பவருக்கு மேல்வாயால் பல்ப் தெரியாத ஆழமான ஷேட் எடுங்கள்.

வளையத்தையும் பாருங்கள். ஸ்க்ரூ ஹோல்டருக்கான வளையம் பெரிது. பின் ஹோல்டரில் மாட்டினால் ஷேட் ஒருபக்கம் சரிந்து பல்ப் வெளியே தெரியும். சிறு பிளாஸ்டிக் இடைவளையம் போட்டால் நேராக நிற்கும்.